பல்லி எப்போது கூப்பிட வேண்டும்: பின்னம் சொல்லித்தரும் அனிமேஷனுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது

நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் 1/3, 1/8 இரண்டையும் பலகையில் எழுதி எது பெரியது என்று கேளுங்கள். நிறையப் பேர் 1/8 என்பார்கள். எட்டு பெரிய எண் ஆயிற்றே! அதே பிள்ளைகளிடம், ஒரு கடலைமிட்டாய்ப் பாளத்தை மூன்று பேர் சமமாகப் பிரித்துக்கொண்டால் அதிகம் கிடைக்குமா, எட்டு பேர் பிரித்துக்கொண்டால் அதிகம் கிடைக்குமா என்று கேளுங்கள். இது ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்துவிட்டு, மூன்று பேர் என்பார்கள்.

ஸ்கிரிப்ட் எழுத உட்காருகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த இடைவெளியைத்தான். பங்கு போடுவதில் பிள்ளைகளுக்குக் குழப்பமே இல்லை. கோட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று எழுதியவுடன்தான் குழப்பம் தொடங்குகிறது. அப்படியிருக்க, ‘பின்னம் என்றால் என்ன’ என்று தலைப்பு வைத்து, கேக்கை வெட்டிக் காட்டி, ஆசிரியை உருவம் ஒன்று விளக்கம் சொல்லும் படத்தை எடுத்தால், அவர்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறோம். தெரியாத இடம் தொடப்படாமலே கிடக்கிறது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, யோசனையிலிருந்து சோதித்துப் பார்ப்பது வரை எழுதிக் காட்டுகிறேன். நான்கு நிமிடப் படம். தொடரில் மூன்றாவது அத்தியாயம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் சம பாகம் என்பது வந்துவிட்டது. இரண்டாவதில் ஒரு பாகத்தை 1/2, 1/4 என்று எழுதிக் காட்டியாகிவிட்டது. மூன்றாவதில் 1/3-ஐயும் 1/8-ஐயும் ஒப்பிட வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தேர்ந்தெடுங்கள்

பாடத்தலைப்பை வைத்துக் கதை எழுத முடியாது, ஒரு தவறான எண்ணத்தை வைத்து எழுதலாம். ‘ஓரலகுப் பின்னங்களை ஒப்பிடுதல்’ என்ற தலைப்பில் யாரும் எதற்கும் ஆசைப்படுவதில்லை, யாரும் ஏமாறுவதுமில்லை. ‘கீழே பெரிய எண் இருந்தால் பெரிய துண்டு’ என்ற எண்ணத்தில் ஆசையும் இருக்கிறது, ஏமாற்றமும் இருக்கிறது. அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த எண்ணத்தைப் பிள்ளைகள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்: “எட்டுதானே பெருசு.” இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் முழு ஸ்கிரிப்டும் ஓடும்.

அந்த வார்த்தையைப் பிடிக்க ஒரு வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எது பெரியது என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஏன் என்றும் கேளுங்கள். விடை சரியாக இருந்து காரணம் தப்பாக இருப்பதும் உண்டு. அந்தக் காரணங்களைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொண்டு வந்தால் பாதி வசனம் கையில் இருக்கும்.

ஓர் அத்தியாயத்துக்கு ஓர் எண்ணம்தான். நான்கு நிமிடத்தில் சமானப் பின்னத்தையும் சேர்த்துச் சொல்லிவிடலாமே என்று பாடக் குழுவில் யாராவது கேட்பார்கள். சேர்த்தால் இரண்டுமே நிற்காது. அது வேறு அத்தியாயம் என்று சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம்

நம் பாத்திரத்துக்கு மிளகு என்று பெயர். மளிகைக் கடைப் பரணில் குடியிருக்கும் குட்டி எலி. எல்லா அத்தியாயத்திலும் வரும் என்பதால் அதற்கு ஒரு நிலையான குணம் வேண்டும், அந்தக் குணத்திலிருந்துதான் கணக்குத் தவறு பிறக்க வேண்டும். மிளகு ஆசைக்காரன், அவசரக்காரன். பெரிய பங்கு தனக்கு வேண்டும், அதை உடனே பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். சம பாகம், ஒப்பிடுதல், மிச்சம் எது என்று பின்னத்தில் வரும் எல்லாவற்றிலும் இந்த ஆசையை மாட்டிவிடலாம். ‘நல்ல பையன், எல்லோருக்கும் உதவுவான்’ என்று எழுதினால் அவன் எந்தக் கணக்கிலும் சிக்க மாட்டான்.

மிளகைத் தவிர இரண்டே நிரந்தரப் பாத்திரங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் பல்லியக்கா, பங்குச் சீட்டு கொடுப்பவள். எறும்புப் படை, பாளத்தை வெட்டும் வேலை அவர்களுடையது. பல்லியக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது சரியானதைச் சொன்னால் “இச் இச்” என்று கூப்பிடுவாள். பல்லி சொன்னால் பலிக்கும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘சபாஷ், சரியான விடை’ என்று ஒரு குரல் வந்து சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. பிள்ளைகள் யோசிப்பதை விட்டுவிட்டுப் பல்லி கூப்பிடுகிறதா என்று காத்திருக்கத் தொடங்குவார்கள். ஆகவே சரியான வார்த்தை வந்து மூன்று விநாடி கழித்துத்தான் கூப்பிட வேண்டும் என்று ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள். அந்த மூன்று விநாடிக்குள் வகுப்பு தானே முடிவு செய்திருக்கும். தப்பாகச் சொன்னால் பல்லி சும்மா இருப்பாள், அவ்வளவுதான். ‘டொய்ங்’ என்று தோல்விச் சத்தம் வைக்க வேண்டாம்.

உருவம் வரைகிறவரிடம் இரண்டு விஷயம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒன்று, விரல். அனிமேஷனில் கைக்கு நான்கு விரல் வரைவது பழைய வழக்கம், எலிக்கும் முன்னங்காலில் தெரிவது நான்கு விரல்தான். அந்தக் கையை வைத்துக்கொண்டு மிளகு ‘ஒண்ணு, ரெண்டு... அஞ்சு’ என்று எண்ணினால் முதல் பெஞ்சே கண்டுபிடித்துவிடும், அப்புறம் கதையை யார் கவனிப்பார்கள்? நம் கதையில் எட்டு வருகிறது, இரண்டு கையையும் விரித்தால் எட்டு விரல். நல்லதாகப் போயிற்று. இரண்டாவது, பந்தியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஒருவரைத் தாத்தா என்று பெரிதாக வரைந்தால், ‘அவருக்கு நிறைய வேணுமே’ என்று பேச்சு திரும்பிவிடும். சமமாகப் பிரிப்பதுதான் நியாயமா என்பது அருமையான கேள்விதான், இந்த அத்தியாயத்துக்கு மட்டும் வேண்டாம்.

எதை வெட்டப் போகிறோம்

பின்னம் என்றாலே வட்டம் வரைவது கை பழகிய பழக்கம். இரண்டுக்கும் நான்குக்கும் வட்டம் சரியாக வரும். மூன்றாக, ஐந்தாக வெட்டும்போது துண்டுகள் சமம்தானா என்று கண்ணுக்குத் தெரியாது. வேறு வேறு வட்டத்திலிருந்து வந்த இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் வைத்து அளக்கவும் முடியாது. நீளமான பாளம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஓரத்தை ஒட்டி வைத்தால் எது நீளம் என்று உடனே தெரியும். அதனால்தான் கடலைமிட்டாய்.

வெட்டாத முழுப் பாளம், மேலே கட்டம் எதுவும் போடாதது. இது முக்கியம். சாக்லேட் போலக் கட்டம் போட்டு வரைந்தால் பிள்ளைகள் கட்டத்தை எண்ணுவார்கள். எட்டுக் கட்டம், மூன்று கட்டம் என்று முழு எண்ணாகவே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், பின்னம் கண்ணில் படாது. கட்டம் போட்ட பாளத்தைச் சமானப் பின்ன அத்தியாயத்துக்கு எடுத்து வையுங்கள், அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

பாளத்தின் அளவையும் ஸ்கிரிப்டில் எழுதிவிடலாம். 1920 பிக்சல் அகலத் திரையில் பாளம் 1200 பிக்சல் என்று வையுங்கள். 1200 என்பது 2, 3, 4, 5, 6, 8 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். மூன்றில் ஒன்று 400, எட்டில் ஒன்று 150. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். முதல் ஒப்பீட்டுக்கு 1/3-ஐயும் 1/4-ஐயும் எடுக்காததற்கும் இதுதான் காரணம். 400-க்கும் 300-க்கும் உள்ள இடைவெளி வகுப்பறை டிவியில் அவ்வளவாக எடுபடாது.

வரைகிறவர்களுக்கும் அசைக்கிறவர்களுக்கும் எழுத வேண்டிய ஒரு குறிப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். புதியவர்கள் இதைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள். அனிமேஷனில் ஒரு பொருள் கீழே விழுந்தால் நசுங்கி, எழும்பும்போது நீளும். உயிரோட்டம் வருவதற்காக அப்படிச் செய்வார்கள். மிளகின் வயிற்றுக்கு அது சரி. பாளத்துக்குக் கூடாது. விழுந்த துண்டு ஒரு கணம் நீண்டாலும் 1/8 பெரிதாகிவிட்டது. அதேபோல் கேமரா துண்டை நோக்கி நெருங்கினால் சின்னத் துண்டு திரையை நிறைக்கும், பிள்ளை கண்ணுக்கு அதுதான் பெரியது. மிளகு துண்டைத் தூக்கிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வந்தாலும் அதே கதைதான். ஆகவே பாளம் இருக்கும் ஷாட் எல்லாம் நேர்பார்வையில், கேமரா அசையாமல். முகத்தைக் கிட்டத்தில் காட்ட வேண்டுமானால் துண்டு இல்லாத ஷாட்டில் காட்டலாம். கடலைமிட்டாயை வெட்டும்போது தூள் உதிர்வது போல வரைந்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் ‘உதிர்ந்தது யாருக்கு?’ என்று ஒரு பிள்ளை கேட்கும். உதிர வேண்டாம்.

கதையை ஓட்டுவது

பரணில் இரவு விருந்து. இரண்டு பந்தி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு பாளம் ஒன்று. ஒரு பந்தியில் மூன்று இலை, இன்னொன்றில் எட்டு இலை. இவை திரைக்குப் பின்னால் இருக்கின்றன, மிளகுக்குத் தெரியாது. பார்க்கிற பிள்ளைக்கும் தெரியக் கூடாது. வாசலில் பல்லியக்கா இரண்டு சீட்டைத் தொங்கவிட்டிருக்கிறாள். ஒன்றில் 1/3, ஒன்றில் 1/8. மிளகு ஒன்றை எடுக்க வேண்டும்.

இந்த வரிசை மாறினால் கதை செத்துவிடும். பந்தியை முதலில் காட்டிவிட்டால் எந்தப் பிள்ளையும் மூன்று பேர் பந்தியைத்தான் சொல்லும். மிளகு மட்டும் எட்டுக்கு ஓடினால் அவன் முட்டாளாகத் தெரிவான், அவனோடு யாரும் சேர்ந்து ஏமாற மாட்டார்கள். எழுத்து முதலில், ஆட்கள் பிறகு என்று வைத்தால், மிளகு செய்கிற தவறை வகுப்பும் சேர்ந்து செய்கிறது. திரை விலகும்போது அதிர்ச்சி இருவருக்கும் பொது.

நான்கு நிமிடம் என்றால் 240 விநாடி. நான் இப்படிப் பிரிப்பேன்: தலைப்புக்கு 10, மிளகுக்கு வாசனை பிடித்து ஆசை வருவதற்கு 25, சீட்டு எடுப்பதற்கு 35, எட்டு பேர் பந்திக்கு 50, அடுத்த பந்தியை எட்டிப் பார்ப்பதற்கு 40, அவன் தானே காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு 35, இரண்டாவது வாய்ப்புக்கு 35, முடிவுக்கு 10. ஏமாறும் காட்சிக்குத்தான் அதிக நேரம். பாளம் வெட்டுப்படுவதைப் பிள்ளை நிதானமாகப் பார்க்க வேண்டியது அங்கேதான்.

வசனம் மொத்தம் 170 சொல்லுக்குள் அடங்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்குத் தமிழில் பேசும்போது நிமிடத்துக்கு 80, 90 சொல்லுக்கு மேல் போனால் ஓட்டமாகிவிடும். படத்தில் பாதி நேரம் பேச்சே இருக்கக் கூடாது. கதை சொல்லும் பின்னணிக் குரல் வேண்டவே வேண்டாம். அது இருந்தால் எழுதுகிறவர் கை தானாக விளக்கத்துக்குப் போய்விடும்.

ஸ்கிரிப்டை இரண்டு பத்தியாக எழுதுவது வழக்கம், இடதில் படம், வலதில் ஒலி. வேர்டில் ஓர் அட்டவணை போட்டால் போதும், தனி மென்பொருள் தேவையில்லை. இங்கே ஒன்றன்கீழ் ஒன்றாகத் தருகிறேன்.

காட்சி 3. பரண் வாசல். 35 விநாடி.

படம்: சுவரில் பல்லியக்கா. வாலில் இரண்டு சீட்டுகள். இடச் சீட்டில் 1/3, வலச் சீட்டில் 1/8. கோடு படுக்கையாக, எண் மேலும் கீழுமாக. இரண்டு எழுத்தும் ஒரே அளவு.

பல்லியக்கா: “மிளகு, ஒரு சீட்டுதான் உனக்கு. பாத்து எடு.”

படம்: மிளகு இடச் சீட்டின் கீழ் எண்ணைத் தொடுகிறான், மூன்று விரல் விரிகிறது. வலச் சீட்டின் கீழ் எண்ணைத் தொடுகிறான், எட்டு விரலும் விரிகின்றன.

மிளகு: “இதுல மூணு. இதுல... எட்டு!”

படம்: மிளகு கேமராவைப் பார்க்கிறான். கை இரண்டு சீட்டுக்கும் நடுவில்.

மிளகு: “நீங்கன்னா எதை எடுப்பீங்க?”

ஒலி: முழு அமைதி, 6 விநாடி. இசை இல்லை, பூச்சிச் சத்தமும் இல்லை.

மிளகு: “எட்டுதானே பெருசு! அக்கா, எனக்கு இதுதான்.”

படம்: பல்லியக்கா வாய் திறந்து, பிறகு மூடிக்கொள்கிறாள்.

அந்த ஆறு விநாடி அமைதியை எடிட்டிங்கில் வெட்டப் பார்ப்பார்கள். ‘டல்லா இருக்கு’ என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். ஆசிரியர் படத்தை நிறுத்திக் கேள்வி கேட்கிற இடம் அதுதான். நிறுத்தாவிட்டாலும் வகுப்பு சத்தம் போட்டு விடை சொல்கிற இடம் அது.

காட்சி 4. எட்டு இலைப் பந்தி. இதிலிருந்து நடுப்பகுதி மட்டும்.

படம்: நேர்பார்வை. நடுவில் முழுப் பாளம், 1200 பிக்சல். கீழே வரிசையாக எட்டு இலை. ஏழு இலையில் சுவர்க்கோழிகள், எட்டாவது காலி. மிளகு ஓடிவந்து உட்காருகிறான், இன்னும் சிரிப்போடு.

படம்: எறும்புப் படை பாளத்தின் மேல் ஏறி, ஏழு வரிசையாக நிற்கிறது. விசில். எறும்புகள் இறங்கிப் போகின்றன. பாளம் எட்டுத் துண்டாக, நடுவில் மெல்லிய இடைவெளியோடு.

ஒலி: எட்டு முறை ‘டக்’. ஒவ்வொரு ‘டக்’குக்கும் ஒரு துண்டு ஓர் இலைக்குப் போகிறது. கடைசித் துண்டு மிளகுக்கு.

படம்: மிளகு துண்டைப் பார்க்கிறான். சீட்டைப் பார்க்கிறான். மறுபடி துண்டு. 4 விநாடி பேச்சில்லை.

மிளகு: “அக்கா... எனக்குப் பெருசுதானே எடுத்தேன்?”

எறும்புகளை இறங்கிப் போகச் சொல்லியிருப்பதற்குக் காரணம் உண்டு. எட்டுத் துண்டுக்கு ஏழு கோடுதான். கோடு திரையில் நின்றுகொண்டிருந்தால் சில பிள்ளைகள் கோட்டை எண்ணி ஏழு என்பார்கள். எண்ண வேண்டியது துண்டை. அதனால் ‘டக்’ சத்தமும் துண்டுக்குத்தான், வெட்டுக்கு இல்லை. கடைசித் துண்டு மிளகுக்குப் போனதும் அதற்கு முந்தைய பாளத்தின் வெறும் வெளிக்கோடு மட்டும் திரையில் நிற்கட்டும். முழுமை எவ்வளவு என்பது மறைந்துவிட்டால் 1/8 வெறும் ‘ஒரு சின்னத் துண்டு’ ஆகிவிடும்.

காட்சி 5-இல் மிளகு திரையை விலக்கி அடுத்த பந்தியைப் பார்க்கிறான். அதே பாளம், மூன்று இலை. இரண்டு இலையில் சிலந்திகள், ஒரு இலை காலி. எறும்புகள் இரண்டே வரிசையாக நிற்கின்றன. காலி இலையில் 400 பிக்சல் துண்டு வந்து விழுகிறது, சாப்பிட ஆளில்லை. மிளகு தன் 150-ஐ எடுத்து வந்து அதன் ஓரத்தில் ஒட்டி வைக்கிறான். இந்த ஷாட்டில் யாரும் பேச வேண்டாம்.

காரணத்தை யார் சொல்வது

பெரியவர் ஒருவர் வந்து விளக்குவது எழுதுவதற்குச் சுலபம். பல்லியக்கா வாயைத் திறந்து, ‘கீழே இருக்கிற எண் எத்தனை பாகம் என்பதைக் காட்டுகிறது, மிளகு’ என்று சொல்லிவிட்டால் 35 விநாடிக் காட்சி 8 விநாடியில் முடியும். ஆனால் வகுப்பில் ஆசிரியர் ஏற்கெனவே அதைச் சொல்லியிருப்பார். மிளகே கண்டுபிடிக்கட்டும். சீட்டின் கீழ் எட்டைத் தொடுகிறான். எட்டு இலையையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். சீட்டில் மூன்றைத் தொட்டு, மூன்று இலையைப் பார்க்கிறான்.

மிளகு: “எட்டுன்னா... எட்டு மிட்டாய் இல்லையா? எட்டு இலையா?”

மூன்று விநாடி கழித்து, “இச் இச்.” இந்த அத்தியாயத்தில் பல்லி முதல்முறை கூப்பிடுவது இங்கேதான்.

கவனியுங்கள், மிளகு விதி எதுவும் சொல்லவில்லை. ‘கீழ் எண் பெரிதானால் துண்டு சின்னது’ என்று அவன் வாயில் போடக் கூடாது. அது மனப்பாடமாகும், அடுத்தடுத்த அத்தியாயத்தில் காலை வாரும். எப்படி என்று பிறகு சொல்கிறேன். இலைகளைப் பற்றி மட்டும் அவன் பேசட்டும்.

சீட்டை வாசிக்கும் இடத்தில் ஒலியும் படமும் எப்படிச் சேர வேண்டும் என்பதும் ஸ்கிரிப்டில் இருக்க வேண்டும். நாம் ‘எட்டில் ஒன்று’ என்கிறோம், கீழ் எண் முதலில் வருகிறது. ஆகவே ‘எட்டுல’ என்னும்போது கீழே உள்ள 8 ஒளிர வேண்டும், ‘ஒண்ணு’ என்னும்போது மேலே உள்ள 1. ஆங்கிலத்தில் செய்த படத்தைத் தமிழில் குரல் மாற்றிப் போடும்போது இது தலைகீழாகிவிடும்: காதில் எட்டு, கண்ணில் ஒன்று. அசைக்கிறவர் தமிழ் தெரியாதவராக இருந்தால் இன்னும் கவனமாக எழுதுங்கள். குரலை முதலில் பதிந்து, அந்தப் பதிவைக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு அசைக்கச் சொல்வது நல்லது. எப்படியும் வாயசைவுக்கு அது தேவை.

இரண்டாவது வாய்ப்பில் பல்லியக்கா புதுச் சீட்டு நீட்டுகிறாள்: 1/6, 1/4. இப்போதும் பந்தி திரைக்குப் பின்னால்தான். மிளகு எட்டிப் பார்க்கப் போகிறான், நிற்கிறான், திரும்பி வருகிறான்.

மிளகு: “ஆறுல ஒண்ணு... ஆறு இலை. நாலுல ஒண்ணு... நாலு இலை. அக்கா, நாலுல ஒண்ணு!”

மூன்று விநாடி. “இச் இச்.” அதற்குப் பிறகுதான் திரை விலகி, 300 பிக்சல் துண்டு வருகிறது. முன்பே படத்தைக் காட்டிவிட்டால் சோதனையே இல்லை. கடையில் கால் கிலோ கேட்டுப் பழகிய பிள்ளைக்குக் ‘கால்’ என்பது நன்றாகத் தெரியும், இரண்டாம் அத்தியாயத்தில் அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே மட்டும் ‘நாலுல ஒண்ணு’ என்றே சொல்லட்டும். ‘கால்’ என்னும்போது காதில் நான்கு விழுவதில்லை, நமக்கு அந்த நான்கு வேண்டும். தொகுதி, பகுதி என்ற சொற்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. ஆசிரியர் படம் முடிந்த பின் சொல்லிக்கொள்வார்.

வரைவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்

ஸ்டோரிபோர்டு படங்களை வரிசையாக வைத்து, நீங்களே குரல் கொடுத்து, நேரக் கணக்குப்படி ஓடவிட்டால் அதுதான் அனிமேட்டிக். குச்சி உருவமாக இருந்தாலும் பரவாயில்லை, பாளத்தின் அளவு மட்டும் சரியாக இருக்கட்டும். ஐந்தாறு பிள்ளைகளுக்கு அதைப் போனில் போட்டுக் காட்டுங்கள். இந்தக் கட்டத்தில் ஒரு காட்சியை மாற்ற ஒரு பகல் போதும். அசைத்து முடித்த பின் மாற்றச் சொன்னால் மொத்தக் குழுவும் உங்களை முறைக்கும்.

படம் முடிந்ததும் ‘பிடித்திருக்கா’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஒரு தாளில் 1/5, 1/9 என்று எழுதிக் காட்டி, மிளகு எதை எடுத்தால் நல்லது, ஏன் என்று கேளுங்கள். ‘அஞ்சு பேருக்குத்தான் பங்கு போடுறாங்க’ என்கிற மாதிரி ஒரு பதில் வந்தால் ஸ்கிரிப்ட் வேலை செய்கிறது. ‘சின்ன நம்பர்தான் பெருசு’ என்று மட்டும் வந்தால் விடை சரி, ஆனால் பிள்ளை ஒரு விதியை மற்றொரு விதியாக மாற்றி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். காட்சி 5-இலும் அதற்கு அடுத்ததிலும் இலைகளைப் பார்க்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

இன்னொரு பதிலும் வரும், தொடர் எழுதுகிறவர் பயப்பட வேண்டியது அதற்குத்தான்: ‘மிளகு எப்பவும் தப்பாத்தான் எடுப்பான், அதனால இன்னொண்ணு.’ ஒரே பாத்திரம் திரும்பத் திரும்ப வருவதன் விலை இது. மூன்று படம் பார்த்த பிள்ளைக்குக் கணக்கு தேவையில்லை, மிளகு எடுத்ததை விட்டு மற்றதைச் சொன்னால் போதும். அதனால் ஒவ்வோர் அத்தியாயத்திலும் அவன் முதல் தேர்விலேயே ஏமாறக் கூடாது. சிலவற்றில் அவன் முதலிலேயே சரியாக எடுக்கட்டும், சுவர்க்கோழிகள் நம்பாமல் சண்டைக்கு வரட்டும், அவன் நிரூபிக்க வேண்டியிருக்கட்டும்.

விதியைச் சொல்ல வேண்டாம் என்றேனே, அது இங்கேதான் வந்து நிற்கிறது. நான்காவது அத்தியாயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பாகம், 2/3, 3/4 எல்லாம் வந்துவிடும். ஐந்தாவதில் வாசலில் 2/3 சீட்டும் 3/4 சீட்டும் தொங்கட்டும். மூன்றாவது அத்தியாயத்தில் ‘கீழ் எண் சின்னதானால் பெருசு’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை 2/3-ஐத்தான் எடுக்கும். மிளகு 3/4-ஐ எடுக்கிறான், இந்த முறை அவன்தான் சரி. நம் பாளத்தில் 2/3 என்பது 800 பிக்சல், 3/4 என்பது 900. வித்தியாசம் 100 மட்டுமே, கண்ணால் பார்த்துத் தீர்ப்பு சொல்வது கஷ்டம்.

ஆனால் மிளகுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று இருக்கிறது. இரண்டு பாளத்திலும் அவனுக்குக் கிடைக்காத துண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவதில் போனது மூன்றில் ஒன்று, இரண்டாவதில் போனது நான்கில் ஒன்று. எந்தத் துண்டு பெரியது என்று மூன்று இலை, நான்கு இலையை வைத்து அவனே சொல்லிவிடுவான். பெரிய துண்டை இழந்த பாளத்தில் மிச்சம் குறைவு. ஸ்கிரிப்டில் பல்லி கூப்பிட வேண்டிய இடம் 800-உம் 900-உம் பக்கத்தில் வைக்கப்படும்போது இல்லை. “அக்கா, போனதைப் பாருங்க” என்று மிளகு சொல்லி மூன்று விநாடி கழித்து.